வழக்கம்போல விடிந்தது

அடகுச் சீட்டு நான்காம் பக்கத்தில்தான் வந்தது. கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தோழி எழுதி அனுப்பியிருந்த சிறுகதை அது. கோடு போட்ட தாளில் மொத்தம் பதினொரு பக்கம். செல்வி என்கிற பெண் கணவனின் சட்டையைத் துவைக்க எடுக்கிறாள். பையைத் துழாவுகிறாள். மடித்த சீட்டு ஒன்று கையில் வருகிறது. மூன்று பவுன் சங்கிலி. பீரோவில் பத்திரமாக இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த, அவளுடைய அம்மா போட்ட சங்கிலி. பதினொரு மாதத்துக்கு முன்பே கடைக்குப் போய்விட்டது. சீட்டில் எழுதியிருக்கும் தவணை ஒரு வருஷம். இன்னும் சில நாள் போனால் நகை மூழ்கிவிடும்.

கதை அருமையான கதை. செல்வி அந்தச் சீட்டைப் பற்றிக் கணவனிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காமலே மீட்டுவிட்டு, மீட்டதையும் சொல்லாமல் கழுத்தில் போட்டுக்கொண்டு சாப்பாடு பரிமாறுகிறாள். அந்த ஒரு காட்சிக்காகவே கதையை அச்சிடலாம். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால் மூன்று பக்கத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்த மூன்று பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். வானம் கருத்திருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. அலாரம் அடித்தது. செல்வி கண் விழித்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். முகம் கழுவிக் கண்ணாடி பார்த்தாள். கண்ணாடியில் மாநிறமும் பெரிய கண்களும் நெற்றியோரத்தில் ஒரு நரையும் தெரிந்தன. வாசல் தெளித்தாள், பால் காய்ச்சினாள், டிகாஷன் இறக்கினாள், பிள்ளைகளை எழுப்பினாள், டிபன் கட்டினாள்.

பத்திரிகைக்கு வரும் கதைகளைப் பல வருஷமாகப் படித்து வருகிறவள் நான். இந்த மூன்று பக்கத்தை நூறு கையெழுத்தில் பார்த்துவிட்டேன். ஒன்று, யாராவது தூக்கத்திலிருந்து எழுகிறார்கள். அல்லது வானம் இருட்டுகிறது, வெயில் கொளுத்துகிறது, காற்று அடிக்கிறது. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. இது தமிழில் மட்டும் இருக்கிற பழக்கமும் இல்லை. இங்கிலாந்தில் எட்வர்ட் புல்வர் லிட்டன் 1830-இல் எழுதிய ‘பால் கிளிஃபர்ட்’ நாவல் மழையும் காற்றுமான ஓர் இரவை விவரித்துத் தொடங்கும். அந்தத் தொடக்கம் அவ்வளவு பெயர்போனது. அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1982-இல், மிக மோசமான முதல் வாக்கியத்தை எழுதுபவருக்கு அவர் பெயராலேயே ஒரு போட்டி தொடங்கினார்கள். குற்றக் கதைகள் எழுதிய எல்மோர் லெனார்டு 2001-இல் நியூயார்க் டைம்ஸில் எழுத்தாளருக்கான பத்து விதிகளை எழுதியபோது, வானிலையில் புத்தகத்தைத் தொடங்காதே என்பதைத்தான் முதல் விதியாக வைத்தார். அவர் சொன்ன காரணம் எளிமையானது. சூழலை மட்டும் காட்டுவதற்காக மழை பெய்தால், வாசகர் மனிதர்களைத் தேடிப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

ஏன் எல்லோரும் இங்கேயே வந்து விழுகிறோம்? நாள் தொடங்குகிற இடம் விடியல் என்பதால் கதை தொடங்குகிற இடமும் அதுவே என்று மனசு நம்பிவிடுகிறது. சினிமாவும் ஒரு காரணம். கோயில் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன், சுப்ரபாதம், வாசல் கோலம், காபி டம்ளரோடு வருகிற மருமகள் என்று எத்தனை படம் தொடங்கியிருக்கிறது! திரையில் அதற்குச் சில நொடி போதும், கூட இசையும் இருக்கும். அதையே எழுத்தில் கொண்டுவர ஒரு பக்கம் ஆகிறது, இசையும் கிடையாது. ஆனால் இதையெல்லாம்விட உண்மையான காரணம் ஒன்று உண்டு. வெள்ளைத் தாளின் முன் உட்காரும்போது எழுதுகிறவருக்கே கதை இன்னும் விழித்திருக்காது. செல்வி யார், எந்த வீடு, எத்தனை பிள்ளை என்று அவருக்கே தெரிய வேண்டியிருக்கிறது. செல்வியை எழுப்பி, நடக்கவிட்டு, கண்ணாடி முன் நிறுத்தித்தான் அவர் அவளைத் தெரிந்துகொள்கிறார். அந்த மூன்று பக்கம் எழுதியவருக்குத் தேவைப்பட்ட பக்கம். அதை எழுதியதில் தப்பே இல்லை. அச்சுக்கு அனுப்பியதில்தான் இருக்கிறது.

ஒரு கதை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க நான் கதையைப் பார்ப்பதற்கு முன் வினைச்சொற்களைப் பார்ப்பேன். தமிழ் இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. தோழியின் முதல் பக்கத்தில் பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டு வந்தேன். ‘கருத்திருந்தது’, ‘விழுந்துகொண்டிருந்தது’, ‘கேட்டுக்கொண்டிருந்தது’. ‘கொண்டிருந்தது’ என்று முடிகிற வாக்கியம் தனியாக நிற்காது. “மழை பெய்துகொண்டிருந்தது” என்று ஒருவர் சொன்னால், “அப்போ என்ன ஆச்சு?” என்று கேட்கத்தான் தோன்றும். அது திரைச்சீலை மாதிரி. முன்னால் யாராவது வந்து நின்றால்தான் அதற்கு வேலை. ஒரு சீலைக்கு முன்னால் இன்னொரு சீலை, அதற்கு முன்னால் மற்றொன்று என்று ஐந்து வாக்கியம் தொங்கவிட்டால், வாசகர் ஐந்து தடவை ‘அப்போது’ என்ற சொல்லுக்குக் காத்திருந்து ஏமாறுகிறார்.

இரண்டாம் பக்கத்தில் வேறு வகை. ‘ஐந்து மணிக்கெல்லாம் எழுந்துவிடுவாள்’, ‘முதலில் பாலைத்தான் காய்ச்சுவாள்’, ‘அவன் ஏழு மணிக்கு முன் எழமாட்டான்’. தினமும் நடப்பதைச் சொல்லும் வினைகள். இவற்றோடு ‘வழக்கம்போல’ என்ற சொல் ஒட்டிக்கொண்டு வரும். தோழியின் மூன்று பக்கத்தில் அது நான்கு இடத்தில் இருந்தது. ‘வழக்கம்போல’ என்றால் கதை இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம். வழக்கம் என்பது நேற்றும் நடந்தது, நாளைக்கும் நடக்கப்போவது. அதை ஒருவர் ஏன் இன்றைக்குச் சொல்ல வேண்டும்? நான்காம் பக்கத்தில் சட்டைப் பையில் கைவிட்டபோது வினை மாறியது: ‘எடுத்தாள்’, ‘பிரித்தாள்’, ‘உட்கார்ந்துவிட்டாள்’. இவை ஒரே ஒரு தடவை நடந்தவை, திரும்ப நடக்காதவை. பிரித்த சீட்டைச் செல்வியால் பிரிக்காததாக ஆக்கிவிட முடியாது. அந்த வினை எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டு, கோட்டுக்கு மேலே இருப்பதைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்ப்பேன். மறைத்ததில் எது இல்லாமல் பின்னால் கதை புரியவில்லையோ அதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்வேன்.

தோழியின் கதையில் அப்படித் தேவைப்பட்டவை இரண்டே இரண்டு. சங்கிலி அம்மா போட்டது என்பது ஒன்று, பீரோ சாவி அவர்கள் இருவரிடமும் இருக்கிறது என்பது மற்றொன்று. நெற்றி நரை, டிகாஷன், டிபன் எதுவும் தேவைப்படவில்லை.

தொலைபேசியில் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அலாரத்தை எடுத்துடறேன் அக்கா. ஆனா மழையை எடுக்கச் சொல்லாதீங்க. எனக்கு அந்தக் கதை மழையோடதான் வந்துச்சு.”

அவர் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. மழையே கூடாது என்று சொல்ல தமிழ் எழுதுகிற யாருக்கும் வாய் வராது. பொழுதை இலக்கணமாகவே வகுத்துவைத்தது நம் மொழி. நிலமும் பொழுதும்தான் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். முல்லைக்குக் கார்காலமும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் என்று திணைக்குத் திணை பருவத்தையும் வேளையையும் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆனால் முல்லைப் பாட்டில் மழை எதற்காகப் பெய்கிறது என்று கவனித்துப் பார்க்க வேண்டும். கார் தொடங்குவதற்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் தலைவன். முதல் இடி இடித்தால் அவன் குறித்த நாள் வந்துவிட்டது என்று பொருள். அவனைக் காணோம். குறுந்தொகையில் ஒரு தோழி இதைச் சமாளிக்க, இது காரே இல்லை, காலம் தப்பிப் பெய்த மழையைப் பார்த்துக் கொன்றை மரங்கள் ஏமாந்து பூத்துவிட்டன என்று தலைவிக்குச் சமாதானம் சொல்கிறாள். அங்கே மழை ஒரு கெடு. அடகுச் சீட்டில் எழுதிய தேதி மாதிரி. அது பெய்தால் ஒருத்தியின் நெஞ்சு துடிக்கிறது, பெய்யாவிட்டால் ஆறுகிறது. நம் கையெழுத்துப் பிரதிகளில் பெய்கிற மழை பெய்தாலும் நின்றாலும் யாருக்கும் எதுவும் ஆவதில்லை.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேச’மும் மழையில்தான் தொடங்குகிறது. 1966-இல் ஆனந்த விகடனில் வந்து தமிழ்நாட்டையே பேசவைத்த கதை. பெண்கள் கல்லூரிக்கு எதிரே பஸ் நிறுத்தம், மாலை நேரம், மழை. வர்ணனை நிதானமாகத்தான் போகிறது. ஆனால் அந்த மழையைக் கதையிலிருந்து உருவிப் பாருங்கள். மழை இல்லையென்றால் அந்தப் பெண் நனைந்துகொண்டு தனியே நிற்கமாட்டாள். கார் வந்து பக்கத்தில் நிற்காது. முன்பின் தெரியாத ஒருவன் கதவைத் திறந்துவிடும்போது அவள் ஏறுவதற்குக் காரணமும் இருக்காது. கதை முழுக்க அந்த மழையிலிருந்துதான் இறங்கி வருகிறது. மழையைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் வைக்கிற சோதனை இதுதான்: அன்றைக்கு வானம் வெளுத்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் மழையை விட்டுவிடலாம். நடந்திருக்காது என்றால் அது கதாபாத்திரம். முதல் வரியிலேயே வரட்டும்.

கல்கியும் பருவத்தை வைத்துத்தான் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கினார். ஆனால் ‘ஆடிக் காற்று வீசியது’ என்று நிறுத்தவில்லை. ஆடிப் பதினெட்டாம் பெருக்கு என்று ஒரு நாளைப் பிடித்துக்கொண்டார். வீர நாராயண ஏரி நிரம்பியிருக்கிறது, அதனால் ஜனங்கள் கூடியிருக்கிறார்கள், சித்திரான்னம் கொண்டு வந்திருக்கிறார்கள், அந்தக் கரை வழியாக ஓர் இளைஞன் குதிரையில் வருகிறான். தண்ணீர் வந்ததால் கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததால் நாட்டில் யார் அதிகாரம் செய்கிறார்கள், ஜனங்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஏரிக்கரையிலேயே வந்தியத்தேவன் கண்ணில் பட்டுவிடுகிறது. பருவத்தைச் சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு நான் அடிக்கடி இதைச் சொல்வதுண்டு: வானத்தைப் பார்த்து எழுதாதீர்கள், அந்த வானத்தால் தெருவில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

தூங்கி எழுகிற தொடக்கத்துக்கு வருகிறேன். அதிலும் விலக்கு இருக்கிறது என்பதற்கு எல்லோரும் காஃப்காவைத்தான் காட்டுவார்கள். 1915-இல் வந்த ‘உருமாற்ற’த்தில் கிரகோர் சாம்சா கண் விழிக்கும்போது பூச்சியாகிக் கிடக்கிறான். சரிதான், ஆனால் பூச்சியாக மாறுகிற கதை எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு அதைவிடப் பயன்பட்டது டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’. அந்த நாவலும் ஒருவன் தூங்கி எழுவதோடுதான் தொடங்குகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறப்பதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் வீட்டின் நிலைமையைச் சொல்லிவிடுகிறார் டால்ஸ்டாய். ஆப்லான்ஸ்கிக்கும் பிள்ளைகளுக்கு முன்பு பாடம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்காரிக்கும் தொடர்பு இருந்தது மனைவிக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாளாக அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிள்ளைகள் கேட்பாரற்று ஓடித் திரிகிறார்கள். சமையல்காரன் முதல் நாள் சாப்பாட்டு நேரத்திலேயே கிளம்பிப் போய்விட்டான். இவ்வளவும் சொன்ன பிறகுதான் ஆப்லான்ஸ்கி கண் விழிக்கிறான், படுக்கையறையில் இல்லை, தன் படிப்பறை சோபாவில். நல்ல கனவு ஒன்று கண்டிருக்கிறான், கண்ணாடி மேஜைகளில் விருந்து. அந்த இனிப்பு இன்னும் போகவில்லை. எழுந்திருக்காமலே ஒன்பது வருஷப் பழக்கத்தில், மேலங்கி மாட்டியிருக்கும் இடத்தை நோக்கிக் கையை நீட்டுகிறான். அது படுக்கையறையில் மாட்டியிருக்கும் மேலங்கி. இங்கே கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்போதுதான் தான் எங்கே படுத்திருக்கிறோம், ஏன் படுத்திருக்கிறோம் என்பது அவனுக்கு நினைவு வருகிறது. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விடுகிறது.

நீட்டிய கை வெறுமையில் நிற்கிற அந்தக் கணத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். இதிலும் வழக்கம் இருக்கிறது. ஒன்பது வருஷ வழக்கம். ஆனால் அது வழக்கம் முறிந்த நாள். அவனுக்கு முன்பே வாசகருக்கு விஷயம் தெரியும் என்பதால், அவன் சந்தோஷமாகக் கண் விழிக்கும்போது நமக்குப் பதறுகிறது. செல்வி எழுந்து பால் காய்ச்சியபோது நமக்கு எதுவும் தெரியாது, அவளுக்கும் எதுவும் தெரியாது. பதறுவதற்கு அங்கே யாரும் இல்லை.

இந்த நாவலை எழுதத் தொடங்கிய 1873-இல் டால்ஸ்டாய் புஷ்கின் முடிக்காமல் விட்டுப்போன ஒரு கதைத் துண்டைப் படித்தார். விருந்தினர்கள் வந்து சேர்வதிலிருந்து நேராகத் தொடங்குகிற துண்டு அது. முன்னுரை எதுவும் இல்லாமல் காரியத்துக்குள் இறங்கிவிடுகிற அந்த வேகம் அவரைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. பெரிய நாவலாசிரியர்களும் தொடக்கத்தை இப்படி யாரிடமிருந்தோ கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு ஆறுதலான செய்தி.

அப்படியானால் எதில் தொடங்குவது? தமிழில் நான் காட்ட விரும்புகிற உதாரணம் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. கடவுள் மனித உருவில் சென்னைக்கு வருகிற கதை. வேறொருவர் எழுதியிருந்தால் இடி மின்னலோடு அவரை இறக்கியிருப்பார். புதுமைப்பித்தன் கந்தசாமிப் பிள்ளையைப் பிராட்வே முனையில் நிறுத்திக் கணக்குப் போட வைக்கிறார். டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், பஸ்ஸில் போய்க் கண்டக்டரை ஏய்த்தால் காபிக்கு ஆகுமா, காபி குடித்தால் வெற்றிலைக்கு இல்லாமல் போகுமே என்று காலணாவை வைத்துக்கொண்டு ஒரு போராட்டம். அந்தக் கணக்கு நடக்கும்போதுதான் கடவுள் வந்து வழி கேட்கிறார். பிள்ளையின் வயது, தோற்றம், தொழில் எதுவும் முதல் வரிகளில் தேவைப்படவில்லை. காபியா வெற்றிலையா என்று யோசிக்கிற ஒருவரை நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ளக் கண்ணாடியில் அவர் முகத்தைக் காட்ட வேண்டாம். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்ற இடத்தில் அவரை நிறுத்தினால் போதும். தேர்வு எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நம்பிக்கையாக இருக்கும்.

இந்த யோசனையைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் விழுகிறவர்களும் உண்டு. ‘எடுத்ததும் பரபரப்பு வேண்டும்’ என்று முதல் வரியில் லாரி மோதும், யாரோ அலறுவார்கள், ரத்தம் ஓடும். மோதியது யார் மேல் என்றே தெரியாதபோது வாசகர் எதற்குத் துடிக்க வேண்டும்? பெயரே இல்லாத இரண்டு குரல்கள் அரைப்பக்கம் பேசிக்கொள்வதும் இந்த வகைதான். யார் பேசுகிறார் என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும். இன்னும் மோசமானது, கொலை நடப்பதை இரண்டு பக்கம் விவரித்துவிட்டு ‘திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு’ என்று சொல்வது. அதில் வாசகர் கொடுத்த அக்கறை திருடப்படுகிறது. அதற்குப் பிறகு வருகிற உண்மையான துயரத்தையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். நாவல் எழுதுகிறவருக்கு ஒரு பக்கம் கூடுதலாக அவகாசம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனாலும் முதல் பக்கத்தில் தேவைப்படுவது சத்தம் இல்லை, ஏதோ ஒன்று இடம் மாறியிருப்பதுதான். சட்டைப் பையில் இருக்கக்கூடாத ஒரு காகிதம் இருப்பது ஒரு லாரி விபத்தைவிடப் பெரிய தொடக்கம்.

தோழியோடு அந்த வாரம் மூன்று தடவை பேசினேன். மூன்று விதமாக எழுதிப் பார்த்தார்.

முதல் முறை மூன்று பக்கத்தையும் வெட்டிவிட்டு நேராகச் சீட்டில் தொடங்கினார்: ‘துவைக்கிற கல்லில் சட்டையைப் போடும் முன் பையைத் துழாவினாள் செல்வி. மடித்த காகிதம். பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது தன் பெயரில்லாத ஒரு சீட்டில் தன் சங்கிலியின் எடை.’ சுத்தமான தொடக்கம். குறையும் தெரிந்தது. சங்கிலி யார் போட்டது என்று சொல்ல நான்காவது வரியிலேயே கதையை நிறுத்திக் கல்யாணத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. சீக்கிரம் தொடங்கியதற்கான விலை அது. பிறகு அந்தச் செய்தியை அடகுக் கடைக் காட்சிக்குத் தள்ளிவைத்தார். கடைக்காரர் சங்கிலியின் கொக்கியைப் பார்த்து, ‘இது பழைய வேலைம்மா’ என்று சொல்லும் இடத்தில் அம்மா தானாக வந்து உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவது, தூங்கி எழுகிற தொடக்கத்தையே மாற்றிப் போட்டது: ‘கண்ணைத் திறக்கும் முன்பே செல்வியின் கை தலையணைக்கு அடியில் போனது. சீட்டு இருந்தது. பக்கத்தில் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.’ இதில் விடியலும் இருக்கிறது, படுக்கையும் இருக்கிறது. ஆனால் சங்கடம் அவளுக்கு முன்பே விழித்துக்கொண்டுவிட்டது. எனக்கு இது பிடித்திருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. சீட்டைக் கண்டெடுக்கிற கணத்தை வாசகர் நேரில் பார்க்காமல் போய்விடுகிறார் என்றார். அவர் சொன்னது நியாயம்.

மூன்றாவதில் மழை திரும்பி வந்தது. ‘தூறல் விழவும் செல்வி கொடியில் கிடந்த துணியை உருவினாள். அவன் சட்டையின் பையில் ஏதோ நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.’ முதல் பிரதியில் துவைப்பதற்கு முன் கிடைத்த சீட்டு, இப்போது துவைத்துக் காயப்போட்ட பிறகு கிடைக்கிறது. தண்ணீர் பட்டு மை கரைந்திருக்கிறது. மூன்று பவுன் என்பது தெரிகிறது, கடையின் பெயர் பாதி தெரிகிறது, மீட்க வேண்டிய தேதி மட்டும் நீலக் கறையாகிவிட்டது. முதல் பிரதியில் செல்விக்குத் தேதி தெரியும், அதனால் நிதானமாகப் பணம் புரட்டுகிறாள். இப்போது தெரியாது. நாளைக்கா, அடுத்த வாரமா, நேற்றே மூழ்கிப்போய்விட்டதா? கணவனைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கக்கூடாது என்று அவள் முடிவெடுத்திருக்கிறாள். கதையின் மையத்தில் இருந்த மௌனத்துக்கு முதல் பிரதியில் எந்தச் செலவும் இல்லை. அவள் பேசாமல் இருந்ததால் எதையும் இழக்கவில்லை. இப்போது பேசாமல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சங்கிலியைப் பணயம் வைத்த நேரம்.

‘தூறல் விழவும்’ என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். முதல் பிரதியில் ‘தூறல் விழுந்துகொண்டிருந்தது’ என்று ஒரு முழு வாக்கியமாக நின்றது. இப்போது வாக்கியத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டு, அவள் கையைக் கொடிக்கு இழுக்கிறது. பதினொரு பக்கம் ஒன்பதானது. அடகுக் கடைக்கு அவள் ஓடுகிற பகுதி, முன்பு சாவதானமாக இருந்தது, தானாகவே மூச்சு வாங்க ஆரம்பித்தது.

கதை தட்டச்சாகி வந்தபோது கடைசிப் பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். சாப்பாடு பரிமாறும் காட்சியோடு முடிந்திருந்த கதைக்குப் பின்னால் சிறிய பத்தி ஒன்று சேர்ந்திருந்தது. மறுநாள் காலை. அலாரம் அடிக்கிறது. செல்வி கழுத்துச் சங்கிலியைப் பிடித்தபடி எழுகிறாள், வாசல் தெளிக்கிறாள், பாலை அடுப்பில் வைக்கிறாள். அவன் ஏழு மணிக்கு முன்னாலேயே எழுந்து வந்து சமையலறை வாசலில் நிற்கிறான், எதையோ சொல்ல வாயெடுத்தவன் மாதிரி. வெட்டிய மூன்று பக்கத்திலிருந்து எடுத்த வரிகள்தான். இரண்டு இடத்தில் ‘வழக்கம்போல’ கூட அப்படியே இருந்தது.

“அதை நீங்க அடிச்சிடுவீங்கன்னு பயந்தேன் அக்கா,” என்றார் தோழி. நான் அடிக்கவில்லை.